வீடியோ திடீரென வைரலானால் முதல் மூன்று நாள்: கணக்கு, கமெண்ட், போலிப் பதில், புதிய பார்வையாளர் – முழுமையான வழிகாட்டி

சின்ன யூடியூப் சேனல் வைத்திருப்பவருக்கு ஒரு வீடியோ மட்டும் திடீரென லட்சக்கணக்கில் ஓடும்போது என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. எனக்கு அப்படி ஒருமுறை நடந்தது. அதற்குப் பிறகு, இதே நிலையில் தவித்த சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கமெண்டுகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அது ஐந்தாவதாகச் செய்ய வேண்டிய வேலை.

எடுத்துக்காட்டுக்கு என் வீடியோவையே வைத்துக்கொள்கிறேன். தையல் மெஷின் பழுது பார்ப்பது பற்றிய சேனல். அப்போது 640 சப்ஸ்கிரைபர்கள். ஒரு வீடியோ போட்டால் முதல் வாரத்தில் 300 பேர் பார்ப்பார்கள். "தைக்கும்போது நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா?" என்று ஆறு நிமிட வீடியோ ஒன்று போட்டிருந்தேன். பதினொரு நாள் சும்மா கிடந்தது. பன்னிரண்டாம் நாள் ஓடத் தொடங்கி, அடுத்த மூன்று நாளில் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

## கையில் என்ன இருக்க வேண்டும்

கணினியில் திறந்த YouTube Studio வேண்டும். மொபைல் ஆப்பில் கமெண்ட் படிக்கலாம், நீக்கலாம். ஆனால் கீழே சொல்லப்போகும் அமைப்புகளை எல்லாம் வேகமாக மாற்றக் கணினிதான் வசதி.

நம்பிக்கையான ஒரு ஆளும் வேண்டும். நீங்கள் தூங்கும் நேரத்தில் கமெண்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லையென்றால் என்ன செய்வது என்பதை மூன்றாவது பகுதியில் சொல்கிறேன். ஆள் கிடைத்தால் வேலை பாதியாகும்.

## 1. முதலில் கணக்கைப் பூட்டுங்கள்

வியூஸ் ஏறும்போது உங்கள் மின்னஞ்சலுக்கும் கூட்டம் வரும். சேனல் பக்கத்தில் வணிகத் தொடர்புக்கு என்று கொடுத்திருக்கும் முகவரி யார் கண்ணுக்கும் தெரியும். வேகமாக வளரும் சின்ன சேனல்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அனுபவம் குறைவு, ஸ்பான்சர் மெயில் வந்தால் மகிழ்ச்சியில் திறந்துவிடுவீர்கள் என்பது அவர்களுடைய கணக்கு. சேனலே கைவிட்டுப் போனால் கமெண்டைச் சுத்தம் செய்து பயனில்லை. அதனால்தான் இது முதல் படி.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 2-Step Verification இயங்குகிறதா? Your devices பட்டியலில் உங்களுக்குத் தெரியாத சாதனம் ஏதும் இருக்கிறதா? எப்போதோ அனுமதி கொடுத்து மறந்துபோன வெளி ஆப்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? தேவையில்லாதவற்றை நீக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் கூட. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் Settings → Permissions வழியாக அவருடைய சொந்தக் கணக்கை அழைக்கலாம். கமெண்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றால் Community அமைப்பில் அவரை மாடரேட்டராகச் சேர்த்தாலே போதும். வேலை முடிந்ததும் ஒரே கிளிக்கில் எடுத்துவிடலாம். பகிர்ந்த கடவுச்சொல்லை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

இனி மெயில். இங்கே பலரும் தவறாக நினைத்திருக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டுவிட்டால் எல்லாம் பத்திரம் என்பது உண்மையில்லை. நீங்கள் ஒருமுறை உள்நுழைந்ததும், மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்காமல் இருக்க, பிரவுசர் ஓர் அடையாளச் சீட்டைச் சேமித்து வைக்கிறது. அதைத்தான் குக்கி என்கிறோம். மெயிலில் வரும் தீய கோப்பு அந்தச் சீட்டைத் திருடி அனுப்பிவிடும். திருடன் அதைத் தன் பிரவுசரில் வைத்தால், ஏற்கெனவே உள்நுழைந்த ஆளாகவே தெரிவான். கடவுச்சொல்லும் கேட்காது, மொபைலுக்குச் சரிபார்ப்பு எண்ணும் வராது. யூடியூபர்களைக் குறிவைத்து இப்படி நடப்பதைப் பற்றி கூகுளே 2021 அக்டோபரில் விரிவாக எச்சரித்தது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற மிகப் பெரிய தொழில்நுட்ப சேனலும் இதே வழியில்தான் பறிபோய், பிறகு மீட்கப்பட்டது. ஸ்பான்சர் ஆவணம் என்று வந்த கோப்பை அங்கே பணிபுரிந்த ஒருவர் திறந்திருந்தார்.

எனக்கு மூன்றாம் நாள் வந்த மெயிலில், தையல் சாதனம் ஒன்றை அறிமுகப்படுத்த வேண்டும் என்று நல்ல மொழியில் எழுதியிருந்தது. ஒப்பந்தம் ஒரு zip கோப்பில் இருந்தது. அதற்கான பாஸ்வேர்டு மெயிலிலேயே இருந்தது. இதுதான் அடையாளம். பாஸ்வேர்டு போட்ட zip-ஐ மெயில் சேவையின் வைரஸ் சோதனையால் திறந்து பார்க்க முடியாது, அதற்காகவே பாஸ்வேர்டு போடுகிறார்கள். உள்ளே இருப்பது பிடிஎஃப் சின்னம் போட்ட கோப்பாக இருக்கும், ஆனால் பெயரின் முடிவில் `.scr` அல்லது `.exe` என்றிருக்கும். விண்டோஸ் வழக்கமாக அந்த முடிவை மறைத்து வைப்பதால், கோப்பு முடிவுகள் தெரியும்படி அமைப்பை மாற்றி வையுங்கள்.

அப்படிப்பட்ட மெயிலுக்கு நான் அனுப்பும் பதில் ஒன்றுதான்: "விவரங்களை மெயிலிலேயே எழுதி அனுப்புங்கள், இணைப்புகளைத் திறப்பதில்லை." உண்மையான நிறுவனத்துக்கு அது ஒரு சிரமமே இல்லை. மோசடிக்காரர் மறுபடி ஒரு லிங்கை நீட்டுவார், அல்லது காணாமல் போவார்.

இன்னொரு வகை, "உங்கள் சேனல் விதிமீறல்" என்று யூடியூப் பெயரில் வரும் மிரட்டல். யூடியூபின் பகிர்வு வசதியைப் பயன்படுத்தி ஒரு தனிப்பட்ட வீடியோவை உங்களோடு பகிர்ந்தால், அறிவிப்பு மெயில் யூடியூபின் உண்மையான முகவரியிலிருந்தே வரும். அனுப்புநர் முகவரியைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள். விதிமீறல் உண்மையென்றால் Studio-வுக்குள்ளேயே அறிவிப்பு இருக்கும். மெயிலில் உள்ள லிங்கைத் தொடாமல், நீங்களாகவே Studio-வைத் திறந்து பாருங்கள்.

## 2. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைத் தொடாதீர்கள்

தலைப்பை இன்னும் நன்றாக மாற்றலாமே, தம்ப்நெயிலைப் பளிச்சென்று ஆக்கலாமே என்று கை பரபரக்கும். இப்போதுள்ள தலைப்பும் படமும்தான் ஆட்களைக் கூட்டி வருகின்றன. மாற்றிய பிறகு வேகம் குறைந்தால், மாற்றத்தால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அலை அடங்கும்வரை விட்டுவிடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வீடியோவில் உங்கள் வீட்டு முகவரி, தொலைபேசி எண், யாருடைய முகமாவது தெரிந்துவிட்டால் உடனே சரிசெய்ய வேண்டும். Studio-வின் Editor-இல் அந்தப் பகுதியை வெட்டலாம், மங்கலாக்கலாம். வியூஸும் கமெண்டும் அப்படியே இருக்கும். ஆனால் வருமானப் பகிர்வுத் திட்டத்தில் இல்லாத சேனலுக்கு ஒரு தடை உண்டு: ஒரு லட்சம் வியூஸைத் தாண்டிய வீடியோவில், முகத்தை மங்கலாக்குவதைத் தவிர மற்ற மாற்றங்களைச் சேமிக்க விடாமல் போகலாம். எனவே வியூஸ் ஏறுவது தெரிந்ததுமே வீடியோவை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் வாய்ப்பு போய்விடலாம்.

சொன்ன தகவலில் பிழை இருந்தால் வீடியோவை வெட்ட வேண்டியதில்லை. விவரப் பகுதியில் இப்படி எழுதினால், அந்த நிமிடத்தில் திருத்தம் இருப்பதாக ஒரு சின்ன அறிவிப்பு திரையில் தோன்றும். முதல் சொல் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும். வீடியோவைப் பகுதிகளாகப் பிரித்து நேரங்கள் எழுதியிருந்தால் அவற்றுக்குக் கீழே இதை எழுதுங்கள்.

```
Corrections:
2:10 ஊசியின் தட்டையான பக்கம் எல்லா மெஷினிலும் பின்பக்கம் வராது
```

## 3. கமெண்ட் கதவை அளவாகச் சாத்துங்கள்

சுத்தம் செய்வதற்கு முன்னால் குப்பை வருவதைக் குறைக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைத்தால் வேலை முடியாது.

இங்கே பலரும் செய்யும் தவறு: Settings-இல் கமெண்ட் கட்டுப்பாட்டை மாற்றிவிட்டு, ஏன் இன்னும் குப்பை வருகிறது என்று குழம்புவது. Settings-இல் இருக்கும் அந்தத் தொடக்கநிலை அமைப்பு, இனிமேல் ஏற்றும் வீடியோக்களுக்குத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவுக்கு அதன் Details பக்கத்தில் போய், Show more-ஐ அழுத்தி, கமெண்ட் பகுதியில் தனியாக மாற்ற வேண்டும். அங்கே கட்டுப்பாட்டை Strict என்று வையுங்கள். சந்தேகத்துக்குரியவை வெளியே தெரியாமல் உங்கள் பார்வைக்காக நிறுத்தி வைக்கப்படும்.

Hold all என்பதும் இருக்கிறது. ஒவ்வொரு கமெண்டும் நீங்கள் அனுமதித்த பிறகுதான் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது கமெண்ட் வரும்போது அது சரி. ஆயிரம் வரும்போது நல்ல கேள்விகளும் உங்கள் அனுமதிக்காகக் காத்தே கிடக்கும்.

அடுத்து Settings-இல் Community என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள். லிங்க் உள்ள கமெண்டுகளை நிறுத்தி வைக்கும் Block links-ஐ டிக் செய்யுங்கள். இது சேனல் முழுவதற்கும் பொருந்தும். அதன் பக்கத்திலேயே Blocked words என்ற பெட்டி இருக்கிறது. சொற்களைக் காற்புள்ளி போட்டு எழுத வேண்டும். நான் தொடங்கிய பட்டியல் இது:

```
telegram, t.me, whatsapp, wa.me, text me, டெலிகிராம், டெலிகிராமில், வாட்ஸ்அப், வாட்ஸ்ஆப், வாட்சப், வாட்ஸப்
```

தமிழில் ஒரே சொல்லை நாலைந்து விதமாக எழுதுகிறோம், வேற்றுமை உருபும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு வடிவத்தைப் போட்டு நிறுத்தாமல், குப்பையில் நீங்கள் உண்மையில் பார்க்கும் வடிவங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

பொதுவான சொற்களை மட்டும் போடாதீர்கள். தொலைபேசி எண் போடும் கமெண்டுகளைத் தடுக்க நினைத்து நான் "நம்பர்" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன். என் வீடியோவுக்கு அதிகம் வந்த கேள்வியே "எந்த நம்பர் ஊசி போடணும்?" என்பதுதான். மறுநாள் காலையில் Held பகுதியைத் திறந்தால் இருநூறுக்கும் மேல் நல்ல கேள்விகள் அங்கே அடைபட்டுக் கிடந்தன. கேட்டவர்களுக்குத் தங்கள் கேள்வி வெளியே தெரியவில்லை என்பதே தெரியாது. ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு முன்னால், உங்கள் துறையில் அந்தச் சொல் சாதாரணமாக எங்கெல்லாம் வரும் என்று யோசியுங்கள்.

பட்டியலைப் போட்டதும் பழைய குப்பை தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே வெளியானவற்றை Comments பக்கத்தில் அதே சொற்களை வைத்துத் தேடி, கையால் நீக்க வேண்டும்.

இரவுக்கு ஆள் இல்லையென்றால் Pause போடுங்கள். இருக்கும் கமெண்டுகள் அப்படியே தெரியும், புதிதாக எழுத மட்டும் முடியாது. காலையில் திறந்துவிடலாம். Off-ஐ அழுத்தினால் இருக்கும் கமெண்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும். உங்களுக்கு உதவியாக ஒருவர் எழுதியதும், மற்றவர் பதிலளித்ததும் எல்லாம் கண்ணில் படாமல் போகும். பதற்றத்தில் Off போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். Pause என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

## 4. உங்கள் பெயரில் பதில் போடுபவர்களைப் பிடியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற குப்பை உங்கள் பக்கத்தை அசிங்கப்படுத்தும், அவ்வளவுதான். இது உங்களை நம்பி வந்தவரின் பணத்தை எடுக்கும்.

நடப்பது இப்படி. ஒருவர் "அக்கா, என் மெஷினில் கீழ்நூல் சிக்குது, என்ன பண்ண?" என்று கேட்கிறார். சில நிமிடங்களில் என் படத்தையே வைத்த ஒரு கணக்கு அதற்குக் கீழே பதில் போடுகிறது: "வாழ்த்துகள்! தேர்ந்தெடுக்கப்பட்ட பார்வையாளர் நீங்கள். பரிசைப் பெற மேலே உள்ள எண்ணில் தொடர்புகொள்ளவும்." மேலே எங்கே எண்? அந்தக் கணக்கின் பெயருக்குள்ளேயே எண் இருக்கிறது. கமெண்டின் உள்ளே எண்ணும் இல்லை, லிங்கும் இல்லை. அதனால் நீங்கள் போட்ட தடை எதிலும் அது மாட்டாது. தொடர்புகொண்டால், பரிசை அனுப்பக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். கட்டினால் இன்னொரு கட்டணம் வரும்.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு பெண் எழுதியிருந்தார்: "அனுப்பிட்டேன் அக்கா, மெஷின் எப்ப வரும்?" நான் எதுவும் தருவதாகச் சொல்லவே இல்லை. அவருடைய பழைய கேள்வியைத் தேடிப் போய், மடித்து வைக்கப்பட்டிருந்த பதில்களைத் திறந்தபோதுதான் என் முகத்தை வைத்துக்கொண்டு வேறொருவர் பேசியிருப்பதைப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒன்றரை நாளாக மேலாக வந்த கமெண்டுகளை மட்டும்தான் படித்துக்கொண்டிருந்தேன். பதில்கள் மடிந்திருக்கும், திறந்தால்தான் தெரியும். ஆகவே புதிதாகக் கேள்வி கேட்டவர்களின் இழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மோசடிக்காரர்கள் புகழ்ச்சியின் கீழே அதிகம் வருவதில்லை. பதிலுக்காகக் காத்திருப்பவரைத்தான் தேடி வருகிறார்கள்.

போலியை அடையாளம் காண்பது எளிது. யூடியூபில் சேனல் உரிமையாளர் தன் வீடியோவின் கீழே எழுதினால், பெயருக்குப் பின்னால் நிறப் பட்டை தெரியும். போலியால் அதைப் போட முடியாது. 2022 இறுதியிலிருந்து ஒவ்வொரு சேனலுக்கும் @ குறியோடு தனிப் பெயர் இருக்கிறது, ஒரே பெயர் இரண்டு பேருக்குக் கிடைக்காது. எனவே போலியின் @ பெயர் உங்களுடையதிலிருந்து ஓர் எழுத்திலோ, புள்ளியிலோ, எண்ணிலோ மாறித்தான் இருக்கும்.

பார்த்ததும் செய்ய வேண்டிய வரிசை: முதலில் மூன்று புள்ளியை அழுத்தி Report. பிறகு Hide user from channel. மறைத்துவிட்டால் கமெண்ட் கண்ணில் படாது, புகார் செய்ய மறந்துபோகும், அதனால்தான் இந்த வரிசை. மறைக்கப்பட்டவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. கமெண்டை மட்டும் நீக்கிவிட்டு விட்டால், அதே கணக்கு அடுத்த இழையில் மறுபடி எழுதும். "இது போலி, நம்பாதீர்கள்" என்று அதன் கீழேயே பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். பத்துப் பேருக்கு எழுதுவதற்குள் இருபது புதிதாக வந்திருக்கும்.

எச்சரிக்கையை ஒரே இடத்தில், எல்லோருக்கும் முதலில் தெரியும் பின் செய்த கமெண்டில் எழுதுங்கள். ஒரு வீடியோவில் ஒரு கமெண்டைத்தான் பின் செய்ய முடியும். வெறும் எச்சரிக்கையாக எழுதினால் மக்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிகம் கேட்கப்படும் கேள்விக்கான பதிலை முதலில் வைத்து, எச்சரிக்கையை அதோடு சேர்த்துவிடுங்கள். என்னுடையது:

"சாதாரண பருத்தித் துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி. ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், உங்கள் மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். நான் யாருக்கும் பரிசு தருவதில்லை, எந்த எண்ணுக்கும் வரச் சொல்வதில்லை. என் படத்தோடு அப்படி யார் எழுதினாலும் அது நான் இல்லை."

இன்னும் இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, நாடகக் கமெண்ட்: முதலீட்டில் நஷ்டப்பட்டதாக ஒருவர் எழுதுவார், ஓர் ஆலோசகரின் பெயரை இன்னொருவர் சொல்வார், எனக்கும் அவர்தான் உதவினார் என்று மூன்றாமவர் வருவார். மூவரும் ஒரே கும்பல். இழையின் முதல் கமெண்டை நீக்கினால் மொத்தமும் போய்விடும், ஆனால் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக மறைக்க வேண்டும். மற்றொன்று, நல்ல கமெண்டை அப்படியே நகலெடுத்துப் போடும் கணக்குகள். எழுத்தில் தப்பே இருக்காது. கவர்ச்சியான முகப்புப் படத்தைப் பார்த்து நீங்கள் அந்தக் கணக்கைச் சொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், லிங்க் அங்கே இருக்கும்.

யாராவது ஏமாந்துவிட்டேன் என்று எழுதினால், அவருக்கு மட்டும் உடனே பதில் எழுதுங்கள். மேற்கொண்டு எதுவும் அனுப்ப வேண்டாம், பேசியதை எல்லாம் படம்பிடித்து வையுங்கள், பணம் போன வழியிலுள்ள வங்கியையோ செயலியையோ இப்போதே தொடர்புகொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று வருபவரும் மோசடிக்காரர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏமாந்ததை வெளியே எழுதியவரைத் தேடி அவர்கள் வருவார்கள்.

## 5. இப்போது மனிதர்களுக்குப் பதில் எழுதுங்கள்

எல்லோருக்கும் பதில் எழுத முடியாது. முதலில் வந்தவருக்கு முதலில் என்று தொடங்கினால், முதல் நாள் "சூப்பர்" என்று எழுதியவர்களோடு முடிந்துவிடும். நான் செய்தது இது: எதற்கும் பதில் எழுதாமல் நானூறு கமெண்டை வரிசையாகப் படித்து, ஒரு தாளில் கேள்விகளை மட்டும் கோடு போட்டு எண்ணினேன். ஊசி நம்பர் பற்றி மட்டும் 90-க்கு மேல். கீழ்நூல் சிக்குவது பற்றி 60. ஊசியின் தட்டைப் பக்கம் பற்றிச் சண்டையே நடந்துகொண்டிருந்தது.

முதல் கேள்வி பின் செய்த கமெண்டுக்குப் போனது. மூன்றாவது விமர்சனம், அதுவும் சரியான விமர்சனம். என் மெஷினில் இருப்பதைப் பொதுவாகச் சொல்லிவிட்டேன் என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். அவருக்கு நன்றி சொல்லித் திருத்தத்தைப் போட்டேன். கடுமையாக எழுதுபவரையும் வசைபாடுபவரையும் பிரித்துப் பாருங்கள். வேலையைப் பற்றிப் பேசுபவருக்குப் பதில் உண்டு. ஆளைப் பற்றிப் பேசுபவரை ஒரு வார்த்தையும் எழுதாமல் மறைத்துவிடுங்கள். பதில் எழுதினால் அந்த இழை வளர்ந்து மேலே வந்து நிற்கும்.

மீதி நேரத்தில் ஒவ்வொரு புதுக் கேள்வியிலும் ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். அதே கேள்வி இருப்பவர் அதைப் படித்துக்கொள்வார்.

## 6. வந்தவருக்கு அடுத்த வழியைக் காட்டுங்கள்

வந்தவர் உங்கள் சேனலைத் தேடி வரவில்லை. நூல் ஏன் அறுகிறது என்று தெரிந்துகொள்ள வந்தார், தெரிந்துகொண்டார், போய்விடுவார். அவரைத் தங்க வைக்க, அந்தக் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் இன்னொரு வீடியோவைக் காட்ட வேண்டும். ஒன்றே ஒன்று.

வழி, எண்ட் ஸ்கிரீன். வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள் வைக்கலாம், வெளியான பிறகும் சேர்க்கலாம். வியூஸுக்கு எதுவும் ஆகாது. சமீபத்திய வீடியோ தானாக வரும்படி விடாமல், நீங்களே குறிப்பிட்ட வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அப்போது சமீபத்திய வீடியோ, பழைய மெஷின் ஒன்றுக்கு வண்ணம் பூசியது. நூல் சிக்கலோடு வந்தவருக்கு அது எதற்கு? "டென்ஷன் திருகை எவ்வளவு திருப்புவது" என்ற எட்டு மாதப் பழைய வீடியோவை வைத்தேன். அதுவரை 410 பேர் பார்த்திருந்த அது, ஒரே வாரத்தில் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

சேனலின் முகப்பையும் மாற்றுங்கள். Customization-இல், இன்னும் சப்ஸ்கிரைப் செய்யாதவருக்குக் காட்டும் வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. "வணக்கம், நான் யாரென்றால்" என்ற அறிமுகத்தை எடுத்துவிட்டு, பயனுள்ள ஒரு வீடியோவை வையுங்கள்.

ஓடியது ஷார்ட்ஸ் என்றால் எண்ட் ஸ்கிரீன் கிடையாது. 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஷார்ட்ஸின் கமெண்டிலும் விவரத்திலும் போடும் லிங்க் சொடுக்கினால் திறக்காது. பின் செய்த கமெண்டில் லிங்க் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரும் வருவதில்லை. அந்த ஷார்ட்ஸின் Details பக்கத்தில் Related video என்று இருப்பதில் உங்கள் நீள வீடியோவை இணையுங்கள்.

## 7. அடுத்த வீடியோவைக் கமெண்டிலிருந்து எடுங்கள்

கையில் பாதி முடிந்த வீடியோ இருக்கிறதே என்று அவசரமாக அதைப் போடாதீர்கள். அதே வீடியோவை வேறு தலைப்பில் மறுபடி எடுக்கவும் வேண்டாம், பார்த்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஐந்தாவது பகுதியில் கோடு போட்டு எண்ணிய தாளில் இரண்டாவதாக இருக்கும் கேள்விதான் அடுத்த வீடியோ. எனக்கு அது கீழ்நூல் சிக்குவது. ஆறாம் நாள் போட்டேன். கேட்ட அறுபது பேரில் முடிந்தவர்களுக்கு அவர்களுடைய கேள்வியின் கீழேயே "வீடியோ போட்டிருக்கிறேன்" என்று எழுதினேன்.

அதை முதல் வாரத்தில் 4,200 பேர் பார்த்தார்கள். மூன்று லட்சத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். ஒப்பிட வேண்டியது அதோடு இல்லை. முன்பு வழக்கமாக வந்த 300-ஓடு ஒப்பிட்டால் பதினான்கு மடங்கு. வைரலானதை அளவுகோலாக வைத்தால் அடுத்த ஒரு வருடத்துக்குப் போடும் எல்லாமே தோல்வியாகத்தான் தெரியும்.

சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைவிட, Analytics-இன் Audience பகுதியில் திரும்பி வருபவர்களைப் பாருங்கள். ஓரிரு நாளில் எதுவும் தெரியாது. அலை ஓய்ந்த பிறகு 28 நாள் காலத்தை வைத்துப் பாருங்கள். அந்தக் கோடு பழைய நிலையைவிட மேலே நின்றால் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள்.

## 8. அலை அடங்கியதும் கதவைத் திறந்துவிடுங்கள்

கமெண்ட் வரத்து பழைய நிலைக்கு வந்ததும் Strict-ஐ Basic-க்கு மாற்றுங்கள். தற்காலிகமாகச் சேர்த்த ஆட்களின் அனுமதியை எடுத்துவிடுங்கள். தடைச் சொற்களில் செயலிப் பெயர்கள் இருக்கட்டும், அவசரத்தில் சேர்த்த மற்றவற்றை நீக்குங்கள்.

Held பகுதியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். நிறுத்தி வைத்தவை அங்கே 60 நாள்தான் இருக்கும், பிறகு கிடைக்காது. நான் ஐம்பதாம் நாள் உட்கார்ந்தபோது, "நம்பர்" என்ற சொல்லால் அடைபட்டு, முதல் சுத்திகரிப்பில் என் கண்ணில் படாமல் போன பதினேழு கேள்விகள் மிச்சம் இருந்தன. அனுமதித்து, ஒவ்வொன்றுக்கும் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினேன். அவர்களில் நாலு பேர் அன்றே திரும்பி வந்து எழுதினார்கள். ஒருவருக்கு மெஷின் இன்னும் சரியாகவில்லை. ஊசியைத் திருப்பிப் போடச் சொன்னேன், சரியாகிவிட்டது என்று மறுநாள் எழுதியிருந்தார்.